ஒரே பக்கமாகச் சுற்றிய முட்டைகள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஐம்பது முட்டைகளைக் கொன்றது அந்தக் கோபம்தான். மற்றபடி நான் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது.

வீட்டுக்காரர் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்குத் தோல் பதனிடுகிற டேனரி. வீட்டின் பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்புக் குழிகள், அதைத் தாண்டினால் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகள், அதற்கப்பால் தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம்கள் இரண்டு. அந்த டிரம்களின் கடகட சத்தத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். வாணியம்பாடியில் இருந்த மாமனார், "எங்க வீட்டு மருமக எங்க வீட்டுல இருக்கறதுதான் மரியாதை" என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். மரியாதை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பதினாறு பேர் சாப்பிடுகிற வீட்டில் அடுப்படி முழுவதும் என் தலையில் விழும். எனக்குப் போக இஷ்டமில்லை. இங்கே இருக்கவேண்டுமானால் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவளாக இருக்கக்கூடாது என்று தோன்றியது.

வேலூர்ப் பக்கம் ஒரு மிஷன் பண்ணையில் வெள்ளைச் சீமைக் கோழிகள் வளர்த்தார்கள். நம்முடைய நாட்டுக்கோழி இரண்டு நாளைக்கு ஒரு முட்டை போட்டால் பெரிய காரியம். இது அநேகமாகத் தினமும் போடும். ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள் அந்தக் குஞ்சுகளுக்காகக் காத்துக்கிடந்தார்கள். ஆனால் சீமைக் கோழிக்கு ஒரு குணம் உண்டு: முட்டை போடுமே தவிர அடைக்கு உட்காராது. அதனால் அந்தக் குஞ்சு வேண்டுமென்றால் மெஷினில் பொரிக்கவேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு டாக்டர் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அதில் ஒரு பொரிப்பு மெஷின் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அண்ணனை நச்சரித்து வாங்கவைத்தேன்.

"கோழி ஓசியில பண்ற வேலைக்கு மெஷினா?" என்று அண்ணன் சிரித்தார். ஆனாலும் வீட்டுக்கும் டேனரிக்கும் நடுவில் இருந்த தோல் அறையை எனக்குக் காலி பண்ணிக் கொடுத்தார். "பக்ரீத் வரைக்கும் இந்த ரூம் உன்னுது. பக்ரீத் அன்னிக்குக் குர்பானி ஆட்டுத் தோலு வண்டி வண்டியா வந்து எறங்கும். அதுக்குள்ள ஆச்சுன்னா ஆச்சு. ஆவலைன்னா மூணாம் நாள் உங்க மாமனார் வர்றாரு, பேசாம கௌம்பு. நான் வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். பக்ரீத்துக்கு அப்போது எட்டு வாரம் இருந்தது. நானும் சரி என்றேன், ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான்.

மெஷின் பார்க்க அலமாரி மாதிரி இருக்கும். இரட்டை மரச்சுவர், நடுவில் மரத்தூள் அடைத்தது. கண்ணாடி வைத்த கதவு. மேலே சூட்டுக் கம்பிச்சுருள். ஊருக்குக் கரண்ட் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, அதுவரை டிரம்கள் ஆயில் இன்ஜினில் ஓடின. டேனரிக்கு வந்த கம்பியிலிருந்து இதற்கும் இழுத்தோம். சூட்டைக் கட்டுப்படுத்த உள்ளே ஒரு பித்தளை வில்லை தொங்கியது. இரண்டு மெல்லிய தகடுகளை ஓரம் சேர்த்து ஒட்டி உள்ளே ஈதர் ஊற்றியிருப்பார்கள். சூடு ஏறினால் வில்லை பூரி மாதிரி உப்பும். உப்பி ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி போய்க் கரண்ட் தொடுப்பைப் பிரிக்கும், சுருள் அணையும். சூடு இறங்கினால் வில்லை சுருங்கும், தொடுப்பு மறுபடி ஒட்டும். எத்தனை டிகிரியில் பிரியவேண்டும் என்பதை ஒரு திருகாணியைத் திருகி வைத்துக்கொள்ளலாம். முட்டையின் மேல்மட்டத்தில் வைத்த தெர்மாமீட்டர் முதல் வாரம் பாரன்ஹீட்டில் நூற்றிரண்டு காட்டவேண்டும், அப்புறம் நூற்றிமூன்று. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அண்ணன் மகன் எனக்குப் படித்துச் சொல்லிவிட்டான், நான் மனப்பாடம் பண்ணிக்கொண்டேன்.

ஈரத்துக்கு அடியில் தண்ணீர்த் தட்டு. இரண்டாவது தெர்மாமீட்டர் ஒன்றின் குமிழில் திரி சுற்றி அந்தத் திரி தண்ணீரில் தொங்கும். காற்று காய்ந்திருந்தால் திரித் தண்ணீர் வேகமாக ஆவியாகி அந்தத் தெர்மாமீட்டர் இறங்கிவிடும். அது எண்பத்தாறில் நிற்கவேண்டும். இதெல்லாம் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. தோல் காய்ந்தால் என்ன ஆகும், ஈரம் ஜாஸ்தியானால் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டுமா?

பேஜார் பண்ணியது திருப்புகிற வேலைதான். முட்டையை அசையாமல் வைத்தால் உள்ளே குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, நாளுக்கு நாலைந்து தரம் ஒவ்வொன்றாகக் கையால் திருப்பச் சொல்லியிருந்தது புத்தகம். ஐம்பது முட்டை! ஒவ்வொரு தரமும் கதவு திறந்தால் சூடும் ஈரமும் ஓடிவிடும். "இதுக்கு ஒரு மோட்டார் போட்டா இன்னா?" என்று எனக்குத் தோன்றியது.

டேனரியில் ஒரு பிட்டர் இருந்தார். அண்ணன் வயது இருக்கும். டிரம், பம்பு, மோட்டார் எது நின்றாலும் அவர்தான். எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கோஷா, வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அவர் வந்தால் நான் திரைக்கு இந்தப் பக்கம், மெஷினும் அவரும் அந்தப் பக்கம். திரைக்குக் கீழே தெரிந்த அவருடைய டயர் செருப்பும், கிரீஸ் பிடித்த கால் நகமும்தான் எனக்குத் தெரியும். அவருக்கு என் குரல் மட்டும் தெரியும். அது போதாதா? அவருடைய காது கிழியும் அளவுக்குத் தெரியும்.

பழைய மேஜை ஃபேன் ஒன்றின் மோட்டாரை எடுத்து, திருகுப் பல்சக்கரம் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, வேகத்தை ஆமை வேகத்துக்குக் குறைத்தார். தட்டில் மர உருளைகள் வரிசையாக. உருளைகளை சைக்கிள் செயின் இணைக்கும். முட்டைகள் இரண்டு உருளைகளுக்கு நடுவில் படுத்திருக்கும், உருளை சுற்றினால் முட்டையும் சுற்றும். மோட்டார் மெஷினுக்கு வெளியே உட்கார்ந்தது, அதன் சூடு உள்ளே சேரக்கூடாது என்று.

எல்லாம் மாட்டி முடித்தபின் பிட்டர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "அம்மா, இது ஒரே பக்கமா சுத்திக்கினே இருந்தாப் போதுமா? இல்ல, போயித் திரும்பி வரணுமா? புக்குல இன்னா போட்டுருக்கு?"

புத்தகத்தில் கையால் திருப்புவது பற்றித்தான் இருந்தது. பெருக்கல் குறி மேலே, அப்புறம் வட்டம் மேலே, அவ்வளவுதான். மறுபடி அண்ணன் மகனைக் கூப்பிட்டு ஒழுங்காகப் படிக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கோ இவர் என்ன என்னைக் கேள்வி கேட்பது என்று சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏன் பிட்டரே, இத்தினி வருசமா டிரம் ஓட்டுறீங்களே, அது திரும்பித் திரும்பி வருதா? முட்டை இன்னா ஊஞ்சலா ஆடணும்? டிரம் மாதிரி ஒரே பக்கம் சுத்தட்டும். நான் சொல்றேன்ல!"

"சரிம்மா" என்றார். செருப்புக் கால் இரண்டும் கொஞ்சநேரம் அங்கேயே நின்றன. அப்புறம் போய்விட்டன.

முட்டை வைத்தேன். சூடு அசையவில்லை. ஈரம் அசையவில்லை. உருளைகள் ஓசையில்லாமல் சுற்றின. நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழுந்தேன். அண்ணியிடம், "பாருங்கண்ணி, கோழி கூட இப்படி உட்காராது" என்று பீற்றிக்கொண்டேன்.

ஏழாம் நாள் முட்டைகளை வெளிச்சம் பார்க்கவேண்டும். ஜன்னலைச் சாக்கால் மூடி, அதில் ஒரு ஓட்டை விட்டு, அந்த ஓட்டையில் வெயில் பட முட்டையை வைத்துப் பார்த்தேன். உயிர் இருந்தால் நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்திக் கால் மாதிரி சிவப்பு நரம்புகளும் தெரியும். சிலவற்றில் தெரிந்தது. பலவற்றில் நரம்பில்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் இருந்தது. அது செத்துப்போனதற்கு அடையாளம். முதல் தரம்தானே, முட்டை பழசாயிருக்கும் என்று மிஷன் பண்ணையைத் திட்டினேன். பதினாலாம் நாள் பார்த்தபோது மிச்சமும் மங்கிக் கிடந்தன. சூடு கம்மி என்று திருகாணியைத் திட்டினேன். இருபத்தோராம் நாள் ஒன்றும் வரவில்லை. இருபத்துமூன்றாம் நாளும் வரவில்லை. பிட்டரைத் திட்டினேன்.

"உங்க மோட்டார்ல இன்னாமோ தப்பு பண்ணிட்டீங்க!"

"மோட்டாரு நீங்க சொன்னபடிதாம்மா சுத்துது" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

அண்ணன் வந்து பார்த்தார். "போவட்டும் விடும்மா. உங்க மாமாவுக்கு ஆள் சொல்லிவிடறேன்" என்றார். அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வாணியம்பாடி அடுப்பும் அந்தப் புகையும் என் கண்முன்னால் வந்து நின்றன.

அழுது முடித்தபின் கோபம் வந்தது. நல்லவேளை. ஒரு பழைய தாம்பாளத்தை எடுத்துவைத்து முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்தேன். நாற்றம் அறை முழுவதும் நிறைந்தது, ஆனால் டேனரி வீட்டுப் பெண்ணுக்கு நாற்றம் ஒரு விஷயமா? முன்னமே செத்த முட்டைகளில் பார்த்தேன். மஞ்சள் கருவை இருபக்கமும் பிடித்து நடுவில் நிறுத்துகிற வெள்ளைக் கயிறு ஒன்று உண்டு, எந்த முட்டையை உடைத்தாலும் தெரியும். அது இங்கே இறுக்கி முறுக்கிய நூல் மாதிரி கிடந்தது. சிலவற்றில் அறுந்தே போயிருந்தது. மஞ்சள் கருவின் பை கிழிந்து, குஞ்சாகவேண்டிய ரத்த நாளமெல்லாம் கலங்கியிருந்தது. ஐந்து முட்டை, பத்து முட்டை, எல்லாம் அதே முறுக்கு, அதே பக்கம்.

அந்த நேரத்தில் பின்பக்கம் டிரம் நின்றது. "முறுக்கிக்கிச்சு, முறுக்கிக்கிச்சு! அவுத்து வுடு!" என்று ஆட்கள் கத்தினார்கள். அந்தச் சத்தத்தை நான் வாரத்தில் நாலு நாள் கேட்டிருக்கிறேன். டிரம் ஒரே பக்கமாகச் சுற்றச் சுற்ற உள்ளே தோல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கயிறாகிவிடும். நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கி, அவிழ்த்துவிட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்! டிரம்மைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று பிட்டரிடம் கத்தினேனே, இது மட்டும் ஏன் ஞாபகம் வரவில்லை? தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், வலித்தது.

இருந்தாலும் ஊர்ஜிதம் பண்ணிக்கொள்ளவேண்டும் அல்லவா? பக்கத்து வீட்டில் நாட்டுக்கோழி ஒன்று அடையிலிருந்தது. ஒரு பகல் முழுவதும் அதன் கூடைக்கு எதிரில் உட்கார்ந்தேன். அது முட்டையை அலகால் இந்தப் பக்கம் தள்ளியது, கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் இழுத்தது. ஒரு தரம்கூட ஒரே பக்கமாக உருட்டிக்கொண்டே போகவில்லை. அதற்கு யார் புத்தகம் படித்துச் சொன்னார்கள்?

பிட்டருக்கு ஆள் அனுப்பினேன். செருப்பு வந்து திரைக்குக் கீழே நின்றது. நான் தப்பு என் மேல்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "அது போய்த் திரும்பி வரணும்" என்று மட்டும் சொன்னேன்.

"சரிம்மா. தையல் மிஷின் மிதிக்கிறீங்கல்ல? கால் பலகை மேலயும் கீழயும் ஆடுது, சக்கரம் ஒரே பக்கம் சுத்துது. அதையே தலைகீழா மாத்திடலாம். மோட்டாரு பாட்டுக்கு ஒரே பக்கம் சுத்தட்டும், தட்டு ஆடட்டும்."

உருளைகளையும் செயினையும் கழற்றி எறிந்தார். கடைசிப் பல்சக்கரத்தின் ஓரத்தில் ஒரு முளை அடித்து, அதில் ஒரு கம்பியை மாட்டி, கம்பியின் மறுமுனையைத் தட்டோடு சேர்த்தார். தட்டு நடுவில் அச்சில் நிற்கும். சக்கரம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அதில் பாதி வரைக்கும் தட்டு இடது பக்கம் சாயும், மறுபாதியில் வலது பக்கம் சாயும். முட்டைகளைப் படுக்கவைக்காமல் பெரிய முனை மேலே இருக்க நிற்கவைத்துக் கம்பி வலையில் பொருத்தினேன். சாய்வு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதில் மட்டும் அவரோடு ஒரு சண்டை போட்டேன். கைக்குட்டையை மூலைக்கு மூலை மடித்தால் விழுகிற சாய்வு வேண்டும் என்றேன், கொடுத்தார்.

மிஷன் பண்ணையிலிருந்து புது முட்டை வந்த நாளில் விரல் விட்டு எண்ணினேன். மாதத்துக்கு முப்பது நாள் என்று வைத்தால் பக்ரீத் அன்று காலை இருபத்தோராம் நாள். தோல் வண்டி சாயங்காலம்தான் வரும். அல்ஹம்துலில்லாஹ், சரியாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

ஏழாம் நாள் சிலந்திக் கால்கள்! ஒன்று, இரண்டு இல்லை, ஓட்டை வெளிச்சத்தில் வைக்க வைக்க எல்லாவற்றிலும் சிவப்பு நரம்பு. நான் அந்த இருட்டறையில் தனியாகச் சிரித்தேன். அதே வாரத்தில் பக்ரீத் மாசத்துப் பிறை, முப்பதாம் நாள் வரை காக்கவைக்காமல் இருபத்தொன்பதிலேயே தெரிந்துவிட்டது. ஊரே பிறை கண்டு சந்தோஷப்பட்டது. நான் மட்டும் வானத்தைப் பார்த்து முறைத்தேன். பக்ரீத் ஒரு நாள் முந்திவிட்டது.

பதினெட்டாம் நாள் மோட்டாரை நிறுத்தினேன். அதற்குமேல் திருப்பக்கூடாது, ஓட்டுக்குள் குஞ்சு வெளிவரத் தோதாகத் திரும்பி உட்கார்ந்திருக்கும். முட்டைகளைச் சமதட்டில் படுக்கவைத்து, ஈரத் துணி ஒன்றையும் கூடப் போட்டு, ஈரத் தெர்மாமீட்டரைத் தொண்ணூற்றிரண்டுக்கு ஏற்றினேன். இனிமேல் யார் வந்தாலும் கதவு திறக்கக்கூடாது. திறந்தால் உலர்ந்த காற்று உள்ளே போய், ஓட்டுக்குள்ளிருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். குஞ்சால் அசையமுடியாது.

பக்ரீத் அன்று இருபதாம் நாள். தொழுகை முடிந்து, கறி பங்கு போட்டு முடிந்து, மதியம் தாண்டியதும் வண்டிகள் வந்துவிட்டன. உப்புப் போட்ட பச்சைத் தோல், மலை மாதிரி. அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"மிஷினை வராந்தாவுல எடுத்து வெச்சுக்கம்மா. நாலு ஆளுங்க வர்றாங்க, பூ மாதிரி தூக்கிடுவாங்க."

"தூக்கக்கூடாது" என்றேன்.

"வாக்குன்னா வாக்கு. பக்ரீத் வரைக்கும்னுதானே பேச்சு?"

"பேச்சுதான். நான் கணக்குப் போட்டது ஒரு நாள் தப்பிடுச்சு. தூக்குனா எல்லாம் செத்துடும்ண்ணே."

"ஒரு நாளைக்குப் பச்சைத் தோலை வெயில்ல போட்டுட்டு நிக்கச் சொல்றியா?" அண்ணனுக்கும் என் கோபம்தான், ஒரே ரத்தம். நான் கத்தத்தான் வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையிலேயே முதல் தரம் அதை முழுங்கினேன்.

"அண்ணே, கத்த வேணாம். காதை இதுல வெய்யுங்க."

என் குரல் அப்படி இருந்ததைக் கேட்டே அவர் திகைத்துவிட்டார். குனிந்து, மெஷினின் பக்கப் பலகையில் காதை வைத்தார். நானும் வைத்தேன். உள்ளே ஓட்டுக்குள்ளிருந்து, மெல்லியதாக, கீச் கீச் என்று ஒன்று. பதில் சொல்கிற மாதிரி இன்னொன்று. அப்புறம் டொக் டொக் என்று ஓட்டைத் தட்டுகிற சத்தம். கண்ணாடி வழியாக ஒரு முட்டையில் அரிசி முனை அளவுக்கு ஓடு பெயர்ந்திருந்தது.

அண்ணன் காதை எடுக்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் செத்ததன் தோலைத் தொட்ட மனிதர். கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன். நிமிர்ந்து வெளியே திரும்பி, "டேய், இங்க எறக்காதீங்க! கொட்டாயில எறக்கி இன்னும் உப்புப் போட்டு, சாக்குப் போட்டு மூடுங்க!" என்று கத்தினார். கத்தியபிறகு, குஞ்சுகளுக்குக் கேட்டுவிடப்போகிறது என்கிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் மதியத்துக்குள் முப்பத்தெட்டு குஞ்சுகள். நனைந்த பஞ்சு மாதிரி வந்து, சில மணி நேரத்தில் மஞ்சள் பந்துகளாக ஆகிவிட்டன. உலரும்வரை உள்ளேயே விட்டுவைத்தேன். அப்புறம் பிட்டருக்குச் சொல்லியனுப்பினேன். செருப்பு வந்து நின்றது. நான் ஒரு குஞ்சை எடுத்துத் திரைக்குக் கீழே கையை நீட்டினேன். கிரீஸ் கை ஒன்று குழிந்து கீழே வந்தது, அதில் வைத்தேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டது சரி பிட்டரே. நான்தான் தப்பு. ஐம்பது முட்டையும் என்னாலதான் போச்சு."

"இது வெரலைக் கொத்துதும்மா" என்று சிரித்தார். "மோட்டாருக்கு எண்ணெய் போட்டுட்டுப் போறேன்."

மூன்றாம் நாள் மாமனார் குதிரை வண்டியில் வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார், நான் திரைக்குப் பின்னால். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார், வாக்குக் கொடுத்தவர் அல்லவா, எப்படி மாற்றிப் பேசுவார்? நானே பேசினேன்.

"மாமா, நேத்து சாயங்காலம் அடுத்த முட்டை வெச்சுட்டேன். இருவத்தோரு நாளைக்கு மிஷினை வுட்டு நகர முடியாது."

"சரி, அதனால இன்னா? இருவத்திரண்டாம் நாள் வர்றேன்" என்றார் மாமனார். தாராளமான மனுஷர்தான், குறை சொல்லக்கூடாது.

இருபத்திரண்டாம் நாள் வண்டி வந்து நின்றது. அதற்கு முந்தின நாள் சாயங்காலமே நான் மறுபடி தட்டை நிரப்பி மோட்டாரைப் போட்டிருந்தேன். மாமனார் தோல் அறைக்கே வந்து, மெஷினுக்குள் தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எப்பம்மா நிக்கும்?" என்று கேட்டார்.

"பதினெட்டாம் நாள் நிக்கும் மாமா. அப்புறம் மறுபடி ஓடும்" என்றேன்.

அவர் வண்டியைத் திருப்பச் சொன்னார். போகும்போது இரண்டு குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன், வாணியம்பாடிக்கு அவைதான் போயின.